32 தலைவர்கள் உள்ள வகுப்பு

தமிழ்நாட்டின் பெரும்பாலான வகுப்பறைகளில் லீடர் என்று ஒரு பிள்ளை உண்டு. ஜூன் மாதத்தில் ஆசிரியர் ஒருவரைக் கைகாட்டுவார். ஏப்ரல் வரை அவரே லீடர். ஆசிரியர் இல்லாத நேரத்தில் அவர் பலகை அருகே நின்று பேசியவர்களின் பெயரை எழுதுவார், நோட்டுகளைச் சேகரித்து ஆசிரியர் அறைக்குக் கொண்டு போவார், வருகைப் பதிவேட்டைத் தலைமையாசிரியரிடம் சேர்ப்பார். திண்ணைப் பள்ளிக்கூடக் காலத்தில் இதே வேலையைச் செய்தவர் சட்டாம்பிள்ளை. 1789 முதல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர்களுக்கான பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அதைத் தம் பள்ளியில் புகுத்தினார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் அங்கேயே வளர்த்தெடுத்தார். பிறகு இங்கிலாந்தில் அது ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் பரவியது. ஒரே ஆசிரியர் நிறையப் பிள்ளைகளைச் சமாளிக்க அந்த முறை உதவியது. ஆனால் தலைமை தாங்கும் பழக்கம், ஏற்கெனவே முன்னால் நின்ற சில பிள்ளைகளுக்கே வாய்த்தது.

லீடரைத் தேர்ந்தெடுக்கும் ஆசிரியர் வேண்டுமென்றே ஓரவஞ்சனை செய்வது அரிது. அவசரத்தில் கண்ணில் படுபவர் முன் வரிசையில் இருப்பவர், சத்தமாகப் பதில் சொல்பவர், சொன்ன வேலையைச் சொன்னபடி முடிப்பவர். நேற்று நன்றாகச் செய்த பிள்ளையை இன்றும் கூப்பிடத் தோன்றும். நாளை அந்தப் பிள்ளை இன்னும் நன்றாகச் செய்யும், ஏனென்றால் பழகிவிட்டது. கடைசி வரிசைப் பிள்ளைக்குப் பழகவே வாய்ப்பு வராததால் அது திறமையற்றதாகவே தெரியும். ஆகவே ஆசிரியரின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பி இதைச் சரிசெய்ய முடியாது. ‘இன்று யார்?’ என்ற கேள்விக்கான விடையை அந்த நொடியில் அவர் முடிவு செய்யத் தேவையில்லாதபடி ஓர் ஏற்பாடு வேண்டும்.

சீட்டுக் குலுக்கினால் போதும் என்று தோன்றலாம். 32 பிள்ளைகள் உள்ள வகுப்பில் தினம் ஒரு சீட்டு எடுத்து, பெயரை வாசித்துவிட்டு, சீட்டை மறுபடி டப்பாவில் போட்டுவிடுவதாக வைத்துக்கொள்வோம். 32 நாள் இப்படிச் செய்தால் சராசரியாக 11 அல்லது 12 பிள்ளைகளின் பெயர் ஒருமுறைகூட வந்திருக்காது. சிலர் பெயர் இரண்டு மூன்று முறை வந்திருக்கும். குலுக்கலில் பாரபட்சம் இல்லைதான், ஆனாலும் கூடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிள்ளைகள் ஒதுங்கிப்போகிறார்கள். எடுத்த சீட்டைத் திரும்பப் போடாமல் தனியே வைத்தால் இந்தக் குறை நீங்கும்: 32 சீட்டும் தீரும்வரை யாருக்கும் இரண்டாவது முறை வராது, யாரும் விடுபடவும் மாட்டார்கள்.

இந்த நுட்பம் தமிழகத்துக்குப் பழையது. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவை. அவை சொல்லும் குடவோலை முறையில் ஓலைகளைக் குடத்தில் இட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். அதோடு, வாரியத்தில் பொறுப்பு வகித்தவர் அடுத்த மூன்று ஆண்டுகளுக்குத் தகுதியற்றவர் என்றும் விதி வைத்தார்கள். நிலமும் வயதும் கல்வியும் பார்த்துப் பலரை வெளியே நிறுத்திய சபை அது. வகுப்பறைக்கு அதன் தகுதி விதிகள் ஆகாது. பொறுப்பில் இருந்தவர் விலகி நின்று மற்றவருக்கு இடம் விட வேண்டும் என்ற அந்த ஒரு விதி மட்டும் வகுப்பறைக்கு அப்படியே பொருந்தும்.

இன்றைக்கு இதை நாடு தழுவிய வழக்கமாக வைத்திருப்பது ஜப்பானின் தொடக்கப் பள்ளிகள். அங்கே இரண்டு ஏற்பாடுகள் சேர்ந்து நடக்கின்றன. முதலாவது ‘நிச்சோக்கு’ என்னும் நாள் பொறுப்பு. பெரும்பாலும் இரண்டு பிள்ளைகள் ஒரு நாள் முழுவதும் வகுப்பை நடத்துவார்கள். அவர்களின் பெயர் கரும்பலகையின் ஓரத்தில் எழுதப்பட்டிருக்கும். காலைக் கூட்டத்தையும் வீட்டுக்குப் போகுமுன் நடக்கும் கூட்டத்தையும் அவர்களே நடத்துவார்கள். ஒவ்வொரு பாடவேளையின் தொடக்கத்திலும் முடிவிலும் எழுந்து வணங்கச் சொல்வதும், பலகையைத் துடைப்பதும், வகுப்பு நாட்குறிப்பை எழுதுவதும் அவர்கள் வேலை. இரண்டாவது ‘தோபான்’. உணவு பரிமாறுதல், சுத்தம் செய்தல் போன்ற வேலைகள் குழுவுக்குக் குழு மாறிக்கொண்டே வரும். ஒன்றின் மேல் ஒன்றாகச் சுழலும் இரண்டு அட்டை வட்டங்கள் இந்த வாரம் எந்தக் குழுவுக்கு எந்த வேலை என்று காட்டும். ஜப்பானியத் தொடக்கப் பள்ளிகளை ஆராய்ந்து 1995-ல் நூல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வாளர் கேத்தரின் லூயிஸ், அடங்காத பிள்ளைக்கும் இந்த முறை தவறாமல் வருவதைக் கவனித்து எழுதினார். நன்னடத்தைக்குப் பரிசாக அந்தப் பொறுப்பு அங்கே கொடுக்கப்படுவதில்லை. 2018 முதல் எகிப்திலும் ஜப்பானிய உதவியோடு தொடங்கப்பட்ட பள்ளிகள் இந்த வழக்கங்களைப் பின்பற்றுகின்றன.

இதை ஒரு தமிழ்நாட்டு நான்காம் வகுப்பில் பொருத்திப் பார்த்தால் கணக்கு எப்படி வரும்? வகுப்பில் 32 பிள்ளைகள். கட்டாயக் கல்விச் சட்டப்படி ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புவரை ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலை நாட்கள். தினம் இரண்டு நாள் தலைவர்கள் என்றால் 16 நாளில் ஒரு சுற்று முடியும். 12 சுற்றுக்கு 192 நாட்கள். மீதி 8 நாட்கள். அந்த எட்டையும் புதிய சுற்றுக்குச் செலவிடாமல், காய்ச்சலாலோ குடும்ப விசேஷத்தாலோ முறை வந்த அன்று வராமல் போனவர்களுக்கு ஒதுக்கி வைப்பது நல்லது. இப்படி ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆண்டில் 12 முறை தலைமை வரும். ஒரு முறைக்கும் அடுத்த முறைக்கும் நடுவே சுமார் மூன்று வாரம்.

யாரோடு யார் சேர்வது என்பதிலும் கவனம் வேண்டும். நிலையான ஜோடியில் ஒருவர் பேசுபவராகவும் மற்றவர் பின்னால் நிற்பவராகவும் ஓரிரு சுற்றிலேயே ஆகிவிடுவார்கள். இதைத் தவிர்க்க ஓர் எளிய வழி இருக்கிறது. பெயர்களைக் குலுக்கி, 16 பேர் கொண்ட இரண்டு வரிசைகளாகச் சுவரில் ஒட்டவேண்டும். எதிரெதிரே இருப்பவர்கள் ஜோடி. ஒரு சுற்று முடிந்ததும் இடது வரிசையை அசைக்காமல், வலது வரிசையை மட்டும் ஓர் இடம் கீழே நகர்த்தி, கடைசிப் பெயரை மேலே கொண்டுவர வேண்டும். 12 சுற்றிலும் ஒரு ஜோடிகூடத் திரும்ப வராது. ஒரு வரிசையில் பையன்கள், மறு வரிசையில் பெண்கள் என்று மட்டும் பிரிக்கக் கூடாது. பல பள்ளிகளின் வருகைப் பதிவேட்டில் மாணவர் பெயர்கள் முதலிலும் மாணவியர் பெயர்கள் பிறகும் இருக்கும். பதிவேட்டை அப்படியே பின்பற்றினால் ஒவ்வொரு சுற்றிலும் பெண் குழந்தைகள் காத்திருக்கும் வரிசையாகவே நிற்பார்கள். இனிஷியலைப் பார்க்காமல் பெயரின் முதல் எழுத்தை வைத்து அகரவரிசைப் படுத்துவதும் பொருந்தும். பள்ளிகளில் சாதி வேற்றுமையைக் களைவது குறித்து நீதியரசர் சந்துரு 2024-ல் தமிழக அரசுக்கு அளித்த அறிக்கை, வகுப்பில் அமரும் இடத்தையே அகரவரிசைப்படி வைக்கப் பரிந்துரைத்தது. யாருடைய விருப்பத்துக்கும் இடமில்லாத ஒரு பட்டியல் முடிவு செய்யட்டும் என்பதே அதன் அடிப்படை.

நாள் தலைவரின் வேலைகள் எவை என்பதையும் முன்கூட்டியே எழுதிவிட வேண்டும். காலையில் வருகையை வாசிப்பது, அன்றைய பாடவேளைகளைப் பலகையில் எழுதுவது, ஓர் இரண்டு நிமிடச் செய்தி சொல்வது, பதிவேட்டைத் தலைமையாசிரியர் அறைக்குக் கொண்டு செல்வது, மாலையில் ‘இன்று எது நன்றாக நடந்தது, எது சரியில்லை’ என்று வகுப்பைக் கேட்டு நடத்துவது. பேசியவர்கள் பெயரைப் பலகையில் எழுதும் வேலை மட்டும் இந்தப் பட்டியலில் வரவே கூடாது. அது தலைமையைக் காவல் வேலையாக்குகிறது. நண்பன் பெயரை எழுதாமல் விடுவதும், பிடிக்காதவன் பெயரை எழுதுவதும் அங்கேதான் தொடங்குகின்றன. ஆசிரியரின் பாரபட்சத்தை நீக்கப் புறப்பட்டு, பிள்ளையின் கையில் அதைக் கொடுத்ததாக முடியும்.

வேலைச் சக்கரம் தனி. 32 பேரை நால்வர் கொண்ட 8 குழுக்களாகப் பிரித்து, எட்டு வேலைகளைத் தீர்மானிக்கலாம்: கரும்பலகை, நோட்டு விநியோகம், வாசிப்பு மூலைப் புத்தகங்கள், செடிகளுக்குத் தண்ணீர், வகுப்பறையைக் கூட்டுதல், மதிய உணவு வரிசையும் கைகழுவும் இடமும், ஜன்னலும் மின்விசிறியும், வானிலைப் பலகை. வெளி அட்டையில் வேலைகள், உள் அட்டையில் குழு எண்கள், நடுவே ஒரு குத்தூசி. ஐந்து வேலை நாளுக்கு ஒருமுறை உள் அட்டையை ஓர் இடம் திருப்ப வேண்டும். திங்கட்கிழமைதோறும் திருப்பினால் பொங்கல் வாரத்தில் ஒரு குழுவுக்கு இரண்டு நாள்தான் கிடைக்கும். 200 வேலை நாள் என்பது 40 திருப்பம், அதாவது ஐந்து முழுச் சுற்று.

இங்கே ஒரு மறைந்த பொறி இருக்கிறது. அனுபவமுள்ள ஆசிரியர்களும் இதைத் தவறவிடுவதுண்டு. குழுவுக்குள்ளும் ஒரு தலைவர் வேண்டும் என்று நால்வரும் வாரம் ஒருவராக மாறிக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். வேலைகள் எட்டு, ஆட்கள் நான்கு. எட்டு நான்கால் மீதியின்றி வகுபடுவதால், முதல் பிள்ளை முதல் வாரமும் ஐந்தாம் வாரமும் தலைவர். அடுத்த சுற்றிலும் அதே இரண்டு வேலைகளுக்கே அவர் தலைவர். அதற்கடுத்த சுற்றிலும் அப்படியே. ஒரு பிள்ளை ஆண்டு முழுவதும் கரும்பலகைக்கும் கூட்டுதலுக்கும் மட்டுமே தலைவராக இருக்க, இன்னொருவருக்கு என்றும் புத்தகங்கள் வாய்க்கும். சக்கரம் ஒழுங்காகச் சுற்றுவதால் யாருக்கும் இது கண்ணில் படாது. தீர்வு ஒரே ஒரு அசைவுதான்: எட்டு வாரச் சுற்று முடியும்போதெல்லாம் குழுவுக்குள் தலைவர் வரிசையை ஒருவர் தள்ளித் தொடங்க வேண்டும். முதல் சுற்றை முதல் பிள்ளை தொடங்கினால் இரண்டாம் சுற்றை இரண்டாம் பிள்ளை தொடங்கும். நான்கு சுற்று முடிகையில், அதாவது 32-ஆம் வாரத்தில், ஒவ்வொரு பிள்ளையும் எட்டு வேலைகளிலும் ஒருமுறை தலைமை தாங்கியிருக்கும். மிஞ்சும் ஐந்தாம் சுற்றில் வேலைகளின் பட்டியலையே மாற்றியமைக்கப் பிள்ளைகளிடம் விட்டுவிடலாம்.

கூட்டும் வேலை எல்லாக் குழுவுக்கும் வர வேண்டும். பெண் குழந்தைகளையும், சில ஊர்களில் குறிப்பிட்ட சாதிப் பிள்ளைகளையும் மட்டும் துடைப்பம் எடுக்கச் சொல்லும் கொடுமை இன்னும் மறைந்துவிடவில்லை. சக்கரம் சுவரில் தொங்கினால் அது எல்லோர் கண்ணிலும் படும், பெற்றோர் கண்ணிலும் படும். கழிப்பறை சுத்தம் செய்வது பிள்ளைகளின் வேலையே அல்ல. அது சக்கரத்துக்குள் வரக் கூடாது. எந்த வேலையையும் தண்டனையாகக் கூட்டவோ, பரிசாகக் கொடுக்கவோ, சேட்டை செய்ததற்காக முறையைப் பறிக்கவோ கூடாது. ஒருமுறை பறித்தால்கூட, மறுபடி அது ஆசிரியரின் தயவாகிவிடும்.

‘எனக்கு வேண்டாம், டீச்சர்’ என்று பின்வாங்கும் பிள்ளை ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. முறையைத் தாண்டிப் போவது எளிது. ஆனால் அப்படித் தாண்டப்படுபவர் ஒவ்வொரு முறையும் அதே பிள்ளையாகத்தான் இருக்கும். ஒத்திப்போடலாம், ரத்து செய்யக் கூடாது என்பது நல்ல விதி: அந்தப் பிள்ளை அதே சுற்றின் கடைசி நாளுக்குப் போகும், அன்று கட்டாயம் வரும். ஜப்பானிய வகுப்புகளில் கூட்டம் நடத்தும் பிள்ளையின் கையில் சொல்ல வேண்டிய வரிகள் எழுதிய அட்டை இருக்கும். வெட்கப்படும் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை. என்ன சொல்வது என்ற பயம் போய்விட்டால், வாய் திறப்பது மட்டும்தான் மிச்சம். திக்கிப் பேசும் பிள்ளை மணியடித்து அட்டையைத் தூக்கிக் காட்டி வகுப்பைத் தொடங்கலாம். சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்குப் பலகையின் உயரத்தைச் சரிசெய்ய வேண்டும். முறையைக் குறைக்கக் கூடாது. ஆசிரியருக்கும் ஒரு கட்டுப்பாடு தேவை. நாள் தலைவர் தடுமாறும்போது உடனே குறுக்கிட்டால் வகுப்பு அடுத்த முறை தலைவரைப் பார்க்காது, ஆசிரியரையே பார்க்கும். பத்து எண்ணும்வரை பொறுத்தால் பெரும்பாலும் ஜோடியில் இருக்கும் மற்றவர் கைகொடுப்பார். திருத்த வேண்டியதை மாலையில் தனியே சொல்லலாம்.

தலைமை விளையாட்டுகளிலும் இதே கணக்கு பொருந்தும், ஆனால் பல விளையாட்டுகளின் விதியிலேயே பாரபட்சம் ஒளிந்திருக்கிறது. கட்டளை சொல்பவர் குறிப்பிட்ட சொல்லோடு சொன்னால் மட்டும் செய்ய வேண்டும், தவறினால் வெளியேற வேண்டும் என்ற ஆட்டம் எல்லாப் பள்ளியிலும் நடக்கிறது. முதலில் வெளியேறுபவர் கவனம் சிதறும் பிள்ளை. அதாவது பயிற்சி அதிகம் தேவைப்படுபவர் மிகக் குறைவாக ஆடுகிறார். கடைசிவரை நிற்பவர் அடுத்த தலைவர் என்றால் அதே மூன்று நான்கு பேருக்கே தலைமை சுற்றும். வெளியேற்றத்தை எடுத்துவிட்டு, பத்துக் கட்டளைக்கு ஒருமுறை தலைவர் மாறவேண்டும் என்று வைத்தால் அரை மணி நேரத்தில் பத்துப் பேருக்கு மேல் முன்னால் நின்றிருப்பார்கள்.

‘தலைவரைக் கண்டுபிடி’ இன்னொன்று. பதினைந்து பதினாறு பேர் வட்டமாக நிற்க, ஒருவர் வெளியே போவார். உள்ளே ஒருவர் ரகசியத் தலைவர். அவர் கைதட்டினால் எல்லோரும் தட்டுவார்கள், தலையாட்டினால் ஆட்டுவார்கள். வெளியே போனவர் வந்து மூன்று யூகத்தில் தலைவரைக் கண்டுபிடிக்க வேண்டும். இதில் தலைமை என்பது குரலில் இல்லை, மற்றவர்கள் பார்க்கும்படி மெல்லவும் தெளிவாகவும் அசைவதில் இருக்கிறது. பேசாத பிள்ளைகள் பல நேரம் இதில் மிக நன்றாகச் செய்வார்கள். தலைவரை ஆசிரியர் கண்ணால் சைகை காட்டித் தேர்ந்தெடுப்பது வழக்கம். அதற்குப் பதில் பையில் பெயர்ச் சீட்டுகளை வைத்து எடுத்து, எடுத்ததைத் திரும்பப் போடாமல் ஆடினால் போதும். கண்டுபிடிக்கப்பட்ட தலைவர் அடுத்து வெளியே போவார்.

ஒரே பாடவேளையில் வகுப்பிலுள்ள எல்லோரும் தலைமை தாங்க வேண்டும் என்றால் ‘வரைபடக் கட்டிடம்’ ஏற்றது. நால்வர் குழுவில் ஒருவர் கையில் எட்டுத் தீப்பெட்டிகள் அடுக்கிய ஒரு வடிவத்தின் படம் இருக்கும். மற்ற மூவருக்கும் அது தெரியாது. தலைவர் சொல்லால் மட்டும் வழிகாட்ட வேண்டும், பெட்டியைத் தொடக் கூடாது, படத்தைக் காட்டவும் கூடாது. ஆறு நிமிடம் ஆனதும் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, அடுத்த படத்தோடு அடுத்த தலைவர். நான்கு படங்களுக்கும் 24 நிமிடம். 40 நிமிடப் பாடவேளையில் பேசிப் பார்க்கவும் நேரம் மிஞ்சும். படங்கள் நான்கும் ஒரே அளவு கடினமாக இருப்பது முக்கியம். முதல் படம் எளிதாகவும் நான்காவது சிக்கலாகவும் இருந்தால், நான்காவது தலைவர் திறமையற்றவர் என்று குழு முடிவுகட்டிவிடும். ‘அதை அங்கே வை’ என்று சொல்லும் தலைவர் முதல் நிமிடத்திலேயே தவிப்பார். ‘இரண்டாவது பெட்டியை நிற்க வைத்து, அதன் வலப்பக்கம் ஒட்டிப் படுக்க வை’ என்று சொல்ல அவரே கற்றுக்கொள்வார். யார் முதலில் தொடங்குவது என்பதைப் பிள்ளைகள் ‘சாட் பூட் த்ரீ’ போட்டு முடிவு செய்துகொள்ளட்டும். எல்லோருக்கும் முறை உறுதியான பிறகு வரிசையை மட்டும் தீர்மானிக்கச் சாட் பூட் த்ரீ போதும்.

முறைவைத்த தலைமைக்கு எல்லையும் உண்டு. ஒரு நாளில் ஒரு வேலையில் ஆழமாகத் தேற முடியாது. கபடி அணித் தலைவர், நூலகப் பொறுப்பு போன்றவற்றுக்கு நீண்ட காலமும் ஆர்வமும் வேண்டும். ஜப்பானிலும் பிள்ளைகள் விரும்பி ஏற்கும் ‘காகாரி’ என்னும் பருவப் பொறுப்புகள் தனியே இருக்கின்றன. அவை நாள் தலைமைக்கு மாற்றாக வந்துவிடாமல், கூடுதலாக மட்டும் இருக்க வேண்டும்.

பாரபட்சம் திரும்பி வரும் வாசலும் தெரிந்ததுதான். கல்வி அதிகாரி பார்வையிட வருகிறார், ஆண்டு விழாவுக்கு விருந்தினர் வருகிறார். அன்று மட்டும் முறையை ஒதுக்கி, நன்றாகப் பேசும் பிள்ளையை முன்னால் நிறுத்தத் தோன்றும். 32 பேருக்கும் அன்று ஒரு செய்தி புரிந்துவிடும்: முக்கியமான நாளுக்கு உண்மையான தலைவர் வேறு. அந்த நாளிலும் முறை யாருடையதோ அவரே வரவேற்க வேண்டும். இதைக் கண்காணிக்கச் சுவர் அட்டையில் பெயருக்கு எதிரே இரண்டு கட்டம் போதும். ஒன்றில் முறையாக வந்த நாட்கள். மற்றொன்றில் ‘ஓடிப்போய் இதைக் கொடுத்துட்டு வா’ என்று ஆசிரியர் சொன்ன வேலைகள். முதல் கட்டத்தில் பிள்ளைகளுக்குள் ஒன்றுக்கு மேல் வித்தியாசம் வந்தால் விடுபட்டவருக்கு ஒதுக்கி வைத்த நாட்களைத் தர வேண்டும். இரண்டாம் கட்டத்தில் ஒரே பெயருக்கு எதிரே கோடுகள் குவிந்தால், பழைய லீடர் வேறு வழியில் திரும்பி வந்திருக்கிறார் என்று பொருள்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போகும் பெற்றோர், தங்கள் பிள்ளை லீடரா என்று கேட்பதை விட்டுவிட்டு, வகுப்பில் அந்த அட்டை எங்கே தொங்குகிறது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். இருந்தால் கோடுகளை எண்ண வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த கூட்டத்துக்குள் ஒன்று தொங்கவிடும்படி ஆசிரியரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.